முப்பது ஜனவரிகள் போதுமா?

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்துவிடும். மேலே ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மாதங்கள், பக்கவாட்டில் ஆண்டுகள். நிஃப்டி ஏறிய மாதக் கட்டத்துக்குப் பச்சை, இறங்கிய கட்டத்துக்குச் சிவப்பு. அனுப்புகிறவர் எதிர்வீட்டுப் பெரியவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், கணக்கில் சுத்தமானவர். பெரும்பாலும் கடைசிப் பத்தாண்டுகள்தான் அந்தப் படத்தில் இருக்கும். "தம்பி, இந்த மாசம் பத்துல ஏழு தடவை இறங்கியிருக்கு பாருங்க. அடுத்த மாசம் வாங்கிக்கலாம்" என்பார். கிழமைகளுக்கும் அவரிடம் ஒரு கணக்கு உண்டு: திங்கட்கிழமை வாங்கக் கூடாது, வெள்ளிக்கிழமை விற்கக் கூடாது.

மாதத்துக்கும் கிழமைக்கும் குணம் உண்டு என்ற எண்ணம் தவறானதல்ல. ஆடியில் கல்யாணம் இல்லை; பட்டுப்புடவைக் கடையில் கூட்டம் குறைகிறது. விற்பனை பாதியாகிவிட்டால், அதைக் கண்டுபிடிக்க ஒரு கடைக்காரருக்கு மூன்று ஆண்டுக் கணக்குப் புத்தகம் போதும். மற்ற மாதங்களில் விற்பனை பத்து, பதினைந்து சதவீதம் மேலே கீழே போகலாம். ஆடியின் பள்ளம் அதைவிடப் பல மடங்கு பெரியது. பள்ளம் ஆழமாகவும் தரை சமமாகவும் இருந்தால் சில தடவை பார்த்தாலே தெரிந்துவிடும்.

பங்குச் சந்தையின் தரை சமமாக இல்லை. நிஃப்டியின் மாதாந்திர ஏற்ற இறக்கத்தின் வழக்கமான அளவு, அதாவது புள்ளியியலில் திட்ட விலக்கம் என்கிறார்களே அது, ஏறத்தாழ 6 சதவீதம். ஒரு மாதம் சராசரியாக ஒரு சதவீதம் ஏறும் என்றால், சாதாரணமான ஒரு மாதத்திலேயே அது 7 சதவீதம் ஏறவும் செய்யும், 5 சதவீதம் இறங்கவும் செய்யும். இந்தக் குலுக்கலுக்குள்தான் "ஜனவரி மற்ற மாதங்களைவிட ஒரு சதவீதம் நல்லது" போன்ற ஒரு சிறு வித்தியாசத்தைத் தேடுகிறோம். பங்குச் சந்தையில் மாதத்துக்கு ஒரு சதவீதம் கூடுதல் என்பது பெரிய விஷயம். ஆனாலும் குலுக்கலின் அளவில் அது ஆறில் ஒரு பங்குதான்.

அப்படியானால் எத்தனை ஜனவரிகளைப் பார்க்க வேண்டும்? கணக்கு எளிது. பல மாதங்களின் சராசரியை எடுக்கும்போது குலுக்கல் குறையும். எத்தனை மாதங்கள் எடுத்தோமோ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவுக்குக் குறையும். முப்பது ஜனவரிகள் என்றால் 30-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 5.5. 6 சதவீதத்தை 5.5-ஆல் வகுத்தால் 1.1 சதவீதம். அதாவது முப்பது ஆண்டு ஜனவரி சராசரியிலேயே 1.1 சதவீதம் இங்கேயும் அங்கேயும் தற்செயலாகத் தள்ளாடும். நாம் தேடும் வித்தியாசமோ 1 சதவீதம்.

ஒரு வித்தியாசம் தற்செயல் அல்ல என்று சொல்ல, அது இந்தத் தள்ளாட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். உண்மையிலேயே வித்தியாசம் இருக்கும்போது அதை ஐந்துக்கு நான்கு முறையாவது தவறவிடாமல் பிடிக்க வேண்டுமானால் 2.8 மடங்கு தேவைப்படும். இந்த 2.8-ஐ வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், ஒரு சதவீத ஜனவரி வித்தியாசத்தை உறுதியாகப் பிடிக்கத் தேவையான ஜனவரிகள் 282. நிஃப்டியின் தொடக்கக் கணக்கு நாள் 1995 நவம்பர் 3. நம்மிடம் இருப்பது முப்பது ஜனவரிகள்.

படம் அனுப்புகிறவர்களில் பலர் சறுக்கும் இடம் இதுதான். "முப்பது ஆண்டுத் தரவு, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்கள்" என்று சொல்லும்போது பிரமாண்டமாக இருக்கிறது. ஆனால் ஜனவரியைப் பற்றிய கேள்விக்கு அந்த ஏழாயிரம் நாட்கள் உதவாது. நாள் கணக்கை நிமிடக் கணக்காகப் பிரித்து லட்சக்கணக்கான எண்களைச் சேர்த்துக்கொண்டாலும் ஜனவரிகளின் எண்ணிக்கை முப்பதைத் தாண்டாது. ஓர் ஆண்டுக்கு ஒரு ஜனவரிதான்.

பெரியவரின் பத்தாண்டுப் படத்துக்கு இப்போது வருவோம். பத்து ஆண்டுகளுக்குத் தள்ளாட்டம் 1.9 சதவீதம். அத்துடன் அவர் ஒரு மாதத்தை மட்டும் பார்க்கவில்லை; பன்னிரண்டையும் பார்த்துவிட்டு அதில் நல்லதையும் கெட்டதையும் பொறுக்கி எடுக்கிறார். எல்லா மாதங்களும் அசலில் ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டால்கூட, பன்னிரண்டில் ஏதோ ஒன்று முதலிடத்துக்கு வந்தே தீரும், ஏதோ ஒன்று கடைசிக்குப் போயே தீரும். அந்த முதல் மாதம் பொதுச் சராசரியைவிட ஏறத்தாழ 3 சதவீதம் மேலேயும், கடைசி மாதம் 3 சதவீதம் கீழேயும் நிற்கும். இதற்கு மாதங்களின் குணம் எதுவும் தேவையில்லை. வெறும் அதிர்ஷ்டமே செய்யும். ஆறு சதவீத இடைவெளியைப் படத்தில் பார்க்கும் மனிதர், அதை எப்படி நம்பாமல் இருப்பார்? முப்பது ஆண்டுகளை எடுத்தாலும் முதலுக்கும் கடைசிக்கும் இடையே தற்செயலாகவே மூன்றரை சதவீத இடைவெளி விழும்.

"பத்துக்கு ஏழு" என்ற பேச்சும் இதே வகைதான். முப்பது டிசம்பர்களில் 21 முறை ஏறியது என்று யாராவது சொன்னால், எழுபது சதவீதம் என்று மனம் மயங்கும். ஏறும் போக்குள்ள சந்தையில் எந்த மாதத்தை எடுத்தாலும் பத்தில் ஆறு முறை ஏறும் என்று வைத்துக்கொண்டால் 18 முறை ஏறுவது சாதாரணம். 21 அல்லது அதற்கு மேல் வர ஒரு தனி மாதத்துக்கு ஆறில் ஒன்று வாய்ப்பு உண்டு. பன்னிரண்டு மாதங்களில் ஏதாவது ஒன்றுக்கு அப்படி வர, பத்தில் ஒன்பது வாய்ப்பு. வராமல் போனால்தான் ஆச்சரியம்.

இந்தக் கணக்குகளில் நம்பிக்கை வராதவர்கள் சீட்டுக் குலுக்கிப் பார்க்கலாம். நான் பெரியவருக்குச் சொன்னதும் இந்த வழிதான். ஒவ்வோர் ஆண்டுக்கும் பன்னிரண்டு சீட்டு, ஒவ்வொன்றிலும் அந்த ஆண்டின் ஒரு மாத ஏற்ற இறக்கம். 1996-இன் பன்னிரண்டு சீட்டையும் கலக்கி, ஜனவரி முதல் டிசம்பர் வரை பெயரிட்ட பன்னிரண்டு டப்பாக்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட வேண்டும். 1997-க்கும் அப்படியே. முப்பது ஆண்டும் முடிந்ததும் ஒவ்வொரு டப்பாவின் சராசரியையும் எடுத்து, முதல் டப்பாவுக்கும் கடைசி டப்பாவுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதை ஆயிரம் முறை செய்ய வேண்டும். கையால் முடியாது, கணினியின் விரிதாளில் `RAND()` போட்டு வரிசைப்படுத்தினால் ஒரு மாலையில் முடிந்துவிடும். கலக்கிய டப்பாக்களின் பெயர்களுக்கு அர்த்தமே கிடையாது. ஆயிரத்தில் முந்நூறு முறை, அர்த்தமில்லாத டப்பாக்களே அசல் மாதங்களைவிடப் பெரிய இடைவெளியைக் காட்டினால், அசல் இடைவெளியில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஐம்பதுக்கும் குறைவான முறைதான் காட்டின என்றால் மேலே பார்க்கலாம்.

சீட்டை ஆண்டுக்குள்ளேயே கலக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2008 போன்ற மோசமான ஆண்டின் சீட்டுகள் எல்லா டப்பாக்களுக்கும் ஒவ்வொன்றாகப் பிரிந்து போக வேண்டும். முப்பது ஆண்டுகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கினால், கெட்ட ஆண்டின் நான்கைந்து மாதங்கள் ஒரே டப்பாவில் விழுந்துவிடலாம். உண்மையில் அப்படி நடக்கவே முடியாது. கிழமைக்குச் செய்வதானால் இதே போல ஒவ்வொரு வாரத்துக்குள்ளும் ஐந்து நாட்களைக் கலக்க வேண்டும்.

கிழமைகளின் நிலை மாதங்களைவிட மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 48 திங்கட்கிழமைகள் வர்த்தகம் நடக்கிறது. முப்பது ஆண்டில் 1,400-க்கு மேல். நிஃப்டியின் ஒருநாள் குலுக்கல் ஏறத்தாழ 1.4 சதவீதம். திங்கள் மற்ற நாட்களைவிட 0.1 சதவீதம் மோசம் என்பதை உறுதியாகப் பிடிக்க 1,500 திங்கட்கிழமைகள் வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டு. ஏறக்குறைய கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் ஐந்தாண்டுத் தரவை எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஐந்தாண்டில் 240 திங்கள்தான். அதில் நல்ல கிழமைக்கும் கெட்ட கிழமைக்கும் இடையே தற்செயலாகவே 0.2 சதவீத வித்தியாசம் விழுந்துவிடும்.

திங்கட்கிழமைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இந்தியச் சந்தையை உலுக்கிய சில நாட்களை நினைத்துப் பாருங்கள். 2004 மே 17: தேர்தலுக்குப் பின் புதிய அரசின் பொருளாதாரக் கொள்கை எப்படியிருக்குமோ என்ற பயத்தில் நிஃப்டி 12 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 2009 மே 18: சனிக்கிழமை வெளிவந்த தேர்தல் முடிவைக் கொண்டாடி 17.7 சதவீதம் ஏறியது; ஏற்றம் உச்ச வரம்பைத் தொட்டதால் வர்த்தகமே நிறுத்தப்பட்டது. 2020 மார்ச் 23: மக்கள் ஊரடங்குக்கு மறுநாள், 13 சதவீதச் சரிவு. மூன்றுமே திங்கட்கிழமை. அமெரிக்காவில் டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்த 1987 அக்டோபர் 19-உம் திங்கள்தான்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. நாம் 'திங்கட்கிழமை லாபம்' என்று எழுதும் எண், வெள்ளி மாலை மூடிய விலையிலிருந்து திங்கள் மாலை மூடும் விலை வரை உள்ள மாற்றம். அதற்குள் மூன்று நாள் செய்தி அடங்கியிருக்கிறது. வார இறுதியில் உலகம் நின்றுவிடுவதில்லை, சந்தை மட்டும்தான் மூடியிருக்கிறது. உண்மையில் திங்களன்று என்ன நடக்கிறது என்று அறிய விரும்பினால், வெள்ளி மூடலிலிருந்து திங்கள் திறப்பு வரை ஒரு எண், திங்கள் திறப்பிலிருந்து மூடல் வரை ஒரு எண் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். திங்கள் விடுமுறையாகி, சந்தை செவ்வாயன்று திறந்தால் அந்தச் செவ்வாய் யாருடைய கணக்கில் வரும் என்பதையும் சோதனைக்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். தீபாவளி முகூர்த்த வர்த்தகம் சில ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமை வரும். அதை என்ன செய்வது என்பதும் அப்படியே. முடிவைப் பார்த்த பிறகு விதியை மாற்றினால் இன்னொரு முறை சீட்டுக் குலுக்கியதற்குச் சமம்.

ஒற்றை நாளின் எடையையும் பாருங்கள். 2009 மே 18-இன் 17.7 சதவீதத்தை 240 திங்கட்கிழமைகளுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 0.07 சதவீதம். நாம் தேடும் வித்தியாசத்தில் முக்கால் பங்கு ஒரே நாளிலிருந்து வந்துவிட்டது. 1,400 திங்கட்கிழமைகளுக்குப் பகிர்ந்தால் 0.013 சதவீதம்தான், தாங்கக்கூடியது. மாதங்களில் இது இன்னும் கடுமை. 2008 அக்டோபரில் நிஃப்டி 26 சதவீதம் விழுந்தது. முப்பது அக்டோபர்களின் சராசரியை அந்த ஒரு மாதம் மட்டும் 0.9 சதவீதம் கீழே இழுத்துவிடுகிறது. 2009 மே மாதம் 28 சதவீதம் ஏறியது. மே சராசரியை அது அதே அளவுக்கு மேலே தூக்குகிறது. ஆகவே எந்தச் சராசரியைப் பார்த்தாலும், மிகப் பெரிய இரண்டு மூன்று எண்களை நீக்கிவிட்டு மறுபடி பார்ப்பேன். அடையாளம் மாறிவிட்டால், அந்த மாதத்துக்குக் குணம் இல்லை, அந்த ஆண்டுக்கு ஒரு கதை இருந்தது என்றுதான் பொருள்.

இவ்வளவு தடைகளையும் தாண்டி வந்த ஒரு கிழமை வரலாற்றில் உண்டு. 1980-இல் கென்னத் பிரெஞ்ச் என்ற அமெரிக்க நிதியியல் ஆய்வாளர் எஸ் அண்ட் பி குறியீட்டின் 1953 முதல் 1977 வரையான தரவை வெளியிட்டார். செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாட்களும் சராசரியாக லாபம். திங்கள் மட்டும் 0.168 சதவீத நஷ்டம். அன்றைய அமெரிக்கச் சந்தையின் நாள் குலுக்கல் இன்றைய நிஃப்டியைவிடக் குறைவு, 0.84 சதவீதம், அவர் கையில் ஏறத்தாழ 1,170 திங்கட்கிழமைகள் இருந்தன. வகுத்துப் பார்த்தால் தள்ளாட்டம் 0.025 சதவீதம். நஷ்டம் அதைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு. ஐந்து கிழமைகளைப் பார்த்துப் பொறுக்கினார் என்று கழித்துக்கொண்டாலும் ஏழு மடங்கை அதிர்ஷ்டம் தராது. அவருக்கு முன்பே 1973-இல் பிராங்க் கிராஸ் என்பவரும் வெள்ளி, திங்கள் வித்தியாசத்தை எழுதியிருந்தார்.

அப்புறம் என்ன ஆயிற்று? 1990-களில் அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளில் திங்கள் நஷ்டம் மறைந்துபோனது. சில ஆய்வுகளில் திங்களே நல்ல நாளாகவும் தெரிந்தது. பிரெஞ்சின் கணக்கில் தவறில்லை. அவர் பார்த்த இருபத்தைந்து ஆண்டுகளில் அது உண்மையாக இருந்தது. போதுமான தரவு நம்மைத் தற்செயலிலிருந்து காக்கும். சந்தை மாறிவிடுவதிலிருந்து காக்காது. இதை உணர நான் வெகுகாலம் எடுத்துக்கொண்டேன். அதனால்தான் இப்போது எந்தத் தரவையும் இரண்டாக வெட்டுகிறேன். முதல் பாதியில் கிடைத்ததை எழுதி வைத்துவிட்டு, இரண்டாம் பாதியை ஒரே ஒருமுறை மட்டும் திறந்து பார்க்கிறேன். பாதியாக வெட்டும்போது திங்கட்கிழமைகளும் பாதியாகின்றன என்ற விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

2001-இல் சல்லிவன், டிம்மர்மேன், வைட் ஆகிய மூவர் இதைவிடக் கடினமான ஒன்றைச் செய்தார்கள். டவ் ஜோன்ஸின் நூறாண்டு நாள் தரவை எடுத்து, கிழமை, மாதம், மாதத்தின் தொடக்கம், விடுமுறைக்கு முந்தைய நாள் என்று யாரும் யோசித்திருக்கக்கூடிய காலண்டர் விதிகளை ஏறத்தாழ 9,500 வரை பட்டியலிட்டார்கள். அவற்றில் மிகச் சிறந்த விதியை, அத்தனையையும் தேடித்தான் அது கிடைத்தது என்பதையும் சேர்த்துக்கொண்டு சோதித்தார்கள். அந்த முதலிடக்காரர்கூட அதிர்ஷ்டத்திலிருந்து பிரித்தறிய முடியாதவராகத்தான் இருந்தார். ஒரு மனிதர் இத்தனை விதிகளைச் சோதிப்பதில்லைதான். ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்குப் பத்து விதிகளைப் பார்க்கிறார்கள். அதில் தேறியதுதான் நம் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது.

பட்டியலிலிருந்து பொறுக்குவதற்கு மாற்று, காரணத்திலிருந்து தொடங்குவது. அமெரிக்காவில் ஜனவரி பற்றிய பேச்சுக்கு அப்படி ஒரு காரணம் உண்டு. ரோசெஃப், கின்னி இருவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், 1904 முதல் 1974 வரை நியூயார்க் பங்குகளின் ஜனவரி சராசரி 3.5 சதவீதம், மற்ற மாதங்களில் 0.5 சதவீதம். மூன்று சதவீத வித்தியாசம், எழுபது ஜனவரிகள்: நம் அளவுகோலில் தேறுகிறது. சிறிய நிறுவனப் பங்குகளில்தான் இது குவிந்திருக்கிறது என்று பின்னர் 1983-இல் கீம் காட்டினார். அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது வரி. அங்கே வரி ஆண்டு டிசம்பரில் முடிகிறது. நஷ்டத்தில் இருக்கும் பங்குகளை டிசம்பரில் விற்று வரியைக் குறைத்துக்கொண்டு, ஜனவரியில் திரும்ப வாங்குகிறார்கள்.

காரணம் இதுவென்றால், இந்தியாவில் எந்த மாதத்தைப் பார்க்க வேண்டும்? நம் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. ஆகவே ஏப்ரல், அதுவும் நிஃப்டியில் அல்ல, அந்த ஆண்டு முழுக்க அடிவாங்கிய சிறு நிறுவனப் பங்குகளில். இப்போது பன்னிரண்டு மாதங்களில் ஒன்றைப் பொறுக்கவில்லை. முன்கூட்டியே பெயர் சொல்லி ஒரு மாதத்தைச் சோதிக்கிறோம். பொறுக்கியதற்கான அபராதம் கிடையாது. இன்னொரு வசதியும் உண்டு: 2004 அக்டோபர் முதல் 2018 மார்ச் வரை பங்குச் சந்தையில் விற்ற நீண்டகாலப் பங்குகளுக்கு மூலதன லாப வரி இல்லை. வரிதான் காரணம் என்றால் அந்த ஆண்டுகளில் ஏப்ரல் வித்தியாசம் மங்கியிருக்க வேண்டும். மங்கவில்லை என்றால் காரணம் வேறு, அல்லது வித்தியாசமே இல்லை.

சோதனையில் தேறினாலும் பணமாக்க முடியுமா என்பது தனிக் கேள்வி. டெலிவரி எடுத்து வாங்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், விற்கும்போது இன்னொரு 0.1. திங்கள் வாங்கி வெள்ளி விற்றுத் தேடும் 0.1 சதவீத லாபம், புரோக்கர் கட்டணத்துக்கு முன்பே கரைந்துவிடுகிறது.

கிழமைக்கும் காரணம் இருந்த காலம் நம் சந்தையில் உண்டு. 2001 வரை தேசியப் பங்குச் சந்தையின் செட்டில்மென்ட் வாரம் புதனில் தொடங்கிச் செவ்வாயில் முடிந்தது. மும்பைச் சந்தையில் திங்கள் முதல் வெள்ளி வரை. கையில் பணம் இல்லாமல் வாங்கியவர் கணக்கு முடிவதற்குள் விற்றாக வேண்டும், அல்லது அடுத்த சந்தைக்குக் கணக்கை மாற்ற வேண்டும். அந்தக் கிழமைகளுக்குக் குணம் இருந்திருக்க நியாயம் உண்டு. 2001 ஜூலையில் ரோலிங் செட்டில்மென்ட் வந்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது. ஆகவே 1995 முதல் இன்று வரை எல்லாக் கிழமைகளையும் ஒரே பெட்டியில் போடுவது, இரண்டு வேறு சந்தைகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பதுதான். முப்பது ஆண்டு என்று நினைத்தது ஆறும் இருபத்து நான்குமாக உடைகிறது.

இப்போது மறுபடி உடைந்திருக்கிறது. பல ஆண்டுகளாக வியாழக்கிழமை வந்த நிஃப்டி வாராந்திர எக்ஸ்பைரி 2025 செப்டம்பர் முதல் செவ்வாய்க்கு மாறிவிட்டது. பெரியவர் போன வாரம் கேட்டார்: "அப்ப செவ்வாய்க்கிழமை எப்படின்னு ஒரு படம் போட்டுக் கொடுங்களேன், தம்பி." வியாழனைப் பற்றிய பழைய கணக்கு செவ்வாய்க்குப் பொருந்தாது, செவ்வாயைப் பற்றிய பழைய கணக்கும் இனிமேல் பொருந்தாது என்றேன். எத்தனை செவ்வாய் வேண்டும் என்று கேட்டார். 0.1 சதவீத வித்தியாசத்துக்கு 1,500 என்றேன். அவரே கைவிரலால் வகுத்துப் பார்த்துவிட்டு, அரை சதவீத வித்தியாசமானால் எத்தனை என்று கேட்டார். ஐந்து மடங்கு பெரிய வித்தியாசத்துக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு போதும்: அறுபதுக்குச் சற்று மேல், ஒன்றேகால் ஆண்டு. "சரி, அது வரைக்கும் நான் குறிச்சு வைக்கிறேன்" என்று சொல்லி, ஒரு நோட்டில் முதல் செவ்வாயின் தேதியை எழுதினார்.